எண் பிரமிடில் பையன் போட்ட விடை விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை. எது சரி?

கேஆர்புரம்_அம்மா

ஏழாம் வகுப்பு ஒர்க்‌ஷீட்டில் வந்த எண் பிரமிடு இது. ஒவ்வொரு கட்டமும் அதற்கு நேர் கீழே உள்ள இரண்டு கட்டங்களின் கூட்டுத்தொகை. நாலு கட்டத்தில் எண் கொடுத்திருக்கிறார்கள், மீதி ஆறையும் நிரப்ப வேண்டும்.

```
         60
       ?    ?
     ?   16   ?
   5   ?    ?   7
```

பையன் அடிவரிசையில் 5, 6, 10, 7 என்று போட்டான். விடைக்குறிப்பில் 5, 9, 7, 7 என்று இருக்கிறது. அதனால் தப்பு என்று அடித்துவிட்டார்கள். எனக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் வருகிறது. நான் எங்கே கோட்டை விடுகிறேன்?

பழைய_சிலேட்டு

இது பாஸ்கல் முக்கோணம்தானே அம்மா. உச்சியில் 1 போட்டு, கீழே வரவர மேலே உள்ள இரண்டையும் கூட்டிக்கொண்டே வருவார்கள். 1, 2, 1. அப்புறம் 1, 3, 3, 1. உச்சியில் 60 வருவதற்கு வழியே இல்லை. கேள்வித்தாளில்தான் பிழை.

அல்சூர்_ஏரி

சிலேட்டு ஐயா, அது மேலிருந்து கீழே வளரும். இது கீழிருந்து மேலே ஏறுகிறது, அடிவரிசையில் எந்த எண்ணும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன 1, 3, 3, 1 இந்தக் கணக்குக்கு வேண்டியதுதான், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

அம்மா, நீங்கள் எங்கேயும் கோட்டை விடவில்லை. இரண்டையும் முழுசாக எழுதிப் பார்க்கலாம்.

```
பையனுடையது             விடைக்குறிப்பு

       60                     60
     27  33                 30  30
   11  16  17             14  16  14
  5   6  10   7          5   9   7   7
```

இரண்டிலும் எல்லாக் கூட்டலும் சரி. கொடுத்த நாலு எண்ணும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆகவே இரண்டுமே விடைதான்.

விடுகதை

அது எப்படி? அடிவரிசையில் நாலு கட்டம், கொடுத்த எண்ணும் நாலு. அடிவரிசை தெரிந்தால் பிரமிடு முழுக்கத் தெரிந்துவிடும். அதாவது தெரியாதது நாலு, சமன்பாடு நாலு, விடை ஒன்றுதான் வர வேண்டும். மூணு எண்ணை ஒரே சின்ன முக்கோணத்தில் கொடுத்திருந்தால் மட்டும் சிக்கல். உதாரணமாக 5, 6, அதன் மேலே 11 என்று மூன்றையும் கொடுத்தால் 11 வீண். இங்கே அப்படி எந்த முக்கோணமும் இல்லை. அதனால் பையன் விடையில் எங்கேயோ ஒரு கூட்டல் பிசகியிருக்க வேண்டும்.

அல்சூர்_ஏரி

முதல் பாதி சரி. n வரிசைப் பிரமிடுக்கு n எண்ணாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒரே விடை கிடைக்காது. ஆனால் n எண் கொடுத்துவிட்டால் போதும் என்பதும், சின்ன முக்கோணத்தை மட்டும் தவிர்த்தால் போதும் என்பதும் சரியல்ல. இந்தக் கணக்கே அதற்குச் சாட்சி.

தெரியாத இரண்டுக்கும் b, c என்று பெயர் வைத்து ஏறுவோம். அடிவரிசை 5, b, c, 7. அடுத்தது 5 + b, b + c, c + 7. மூன்றாவது 5 + 2b + c, b + 2c + 7. உச்சி 5 + 3b + 3c + 7. சிலேட்டு ஐயாவின் 1, 3, 3, 1 இங்கேதான் வருகிறது. ஓரத்து எண் உச்சிக்குப் போக ஒரே வழி, உள்ளே இருக்கும் எண் போக மூன்று வழி. அதனால்தான் b மூன்று தடவை எண்ணப்படுகிறது.

இப்போது கொடுத்ததை வைத்துப் பாருங்கள்.

```
12 + 3b + 3c = 60   →   b + c = 16
நடுக்கட்டம்          →   b + c = 16
```

உச்சியில் உள்ள 60 சொல்வதும் நடுக்கட்டத்து 16 சொல்வதும் ஒரே சேதி. நாலு எண் கொடுத்தது போலத் தெரிகிறது, உள்ளே இருப்பது மூன்றுதான். b + c என்ன என்று தெரியும், b தனியாக என்ன என்று சொல்ல இந்தப் பிரமிடில் எதுவுமே இல்லை.

விடுகதை

ஓ. முக்கோணம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டிருக்கிறது. 5, 16, 7, 60 நாலும் ஒன்றையொன்று கட்டிப் போட்டிருக்கின்றன. என் முந்தின பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

தறி

சும்மா சரிபார்க்க ஓட்டிப் பார்த்தேன். b, c இரண்டுமே 1 அல்லது அதற்கு மேற்பட்ட முழு எண் என்று வைத்துக்கொண்டேன்.

```python
def mele(r):
    return [p + q for p, q in zip(r, r[1:])]

n = 0
for b in range(1, 60):
    for c in range(1, 60):
        r2 = mele([5, b, c, 7])
        top = mele(mele(r2))[0]
        if r2[1] == 16 and top == 60:
            n += 1
print(n)
```

15 என்று வருகிறது. b = 1, c = 15 தொடங்கி b = 15, c = 1 வரை. பூஜ்யத்தையும் சேர்த்தால் 17, எதிர்மறை எண்ணையும் விட்டால் முடிவே இல்லை. `mele` என்று பெயர் வைத்ததற்குக் காரணம், பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளுக்கும் அதே சொல், அதே அர்த்தம்.

கேஆர்புரம்_அம்மா

அப்பாடா. ஆனால் ஒரு கேள்வி. "எல்லாக் கட்டத்திலும் வேறு வேறு எண் வர வேண்டும்" என்று ஒரு விதி இருந்தால் விடைக்குறிப்பு மட்டும்தான் சரியாகிவிடுமோ? ஒர்க்‌ஷீட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

தறி

அந்த விதி இருந்தால் விழுவது விடைக்குறிப்புதான் மேடம். அதில் 7 இரண்டு தடவை, 14 இரண்டு தடவை, 30 இரண்டு தடவை. உங்கள் பையன் பிரமிடில் பத்தும் வேறு வேறு எண். அதற்காக அந்த விதி ஒரே விடையைத் தந்துவிடும் என்றும் இல்லை. 5, 3, 13, 7 போட்டால் மேலே 8, 16, 20, அதற்கு மேலே 24, 36, உச்சி 60. இதிலும் பத்தும் வேறு வேறுதான்.

ஜெயநகர்_அப்பா

இதே மாதிரி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஐந்து வரிசை.

```
            80
          ?    ?
        ?   20   ?
      ?   ?    ?   ?
    3   ?    5   ?   6
```

பெண்ணும் நானும் மாறி மாறிப் போட்டோம், விடையே வரவில்லை. உச்சி எப்போதும் ஒன்று குறையவே வருகிறது. இதற்கும் பல விடை உண்டா, இல்லை நாங்கள் ஏதோ தப்பாகச் செய்கிறோமா?

விடுகதை

அடிவரிசையை எல்லாம் கூட்டினால் உச்சி வந்துவிடும் அல்லவா? 3, 5, 6 சேர்த்து 14. மீதி 66-ஐ இரண்டு கட்டத்துக்கும் பிரித்துப் பாருங்கள்.

அல்சூர்_ஏரி

அது கூடாது. பிள்ளைகளும் அதிகமாக விழுகிற குழி இதுதான். உச்சி என்பது அடிவரிசையின் வெறும் கூட்டுத்தொகை அல்ல. இரண்டே வரிசை இருந்தால்தான் அது உண்மை. மூன்று வரிசையிலேயே நடு எண் இரட்டிப்பாகிவிடும். நாலு வரிசையில் 1, 3, 3, 1. ஐந்து வரிசையில் 1, 4, 6, 4, 1. ஆறு தடவை எண்ண வேண்டியதை ஒரு தடவை எண்ணினால் விடை எங்கேயோ போய்விடும்.

ஜெயநகர் சார், உங்களுடையதில் தெரியாத இரண்டுக்கும் b, d என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வரிசை நடுக்கட்டம் b + 2×5 + d. அது 20, ஆக b + d = 10. உச்சி 3 + 4b + 6×5 + 4d + 6. எண்களைச் சேர்த்தால் 39, அதோடு 4 × 10. மொத்தம் 79.

கொடுத்திருப்பது 80. ஆகவே எதைப் போட்டாலும் வராது, உங்கள் மீது தவறில்லை. ஒன்று வித்தியாசம் வந்துகொண்டே இருந்ததற்கும் காரணம் இதுதான். நடுவில் 20-ஐ ஒட்டவைத்தால் உச்சி 79-இல் நிற்கும்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 80 என்பதை 79 என்று திருத்திவிட்டாலும் கணக்கு தேறாது. அப்போது கேஆர்புரம் அம்மா பிரமிடு போலவே ஆகிவிடும். b + d = 10 மட்டும்தான் தெரியும், 1-இலிருந்து 9 வரை எதை வேண்டுமானாலும் b-க்குப் போடலாம்.

ஜெயநகர்_அப்பா

புரிகிறது. ஆனால் ஒவ்வொரு பிரமிடுக்கும் இப்படிச் சமன்பாடு எழுதி, இரண்டும் ஒரே சேதி சொல்கிறதா என்று தேடுவது வேலை. பார்த்தவுடன் கண்டுபிடிக்க வழி உண்டா?

அல்சூர்_ஏரி

பார்த்தவுடனே என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று உண்டு. எண் கொடுத்த கட்டங்கள் எல்லாவற்றிலும் அந்த எண்ணுக்குப் பதிலாக பூஜ்யம் போடுங்கள். அப்புறம் மீதிக் கட்டங்களைப் பூஜ்யம் அல்லாத எண்ணால் நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியவே முடியாது, எல்லாமே பூஜ்யமாகத்தான் ஆகிறது என்றால் அசல் பிரமிடுக்கு ஒரே விடைதான். முடிந்தால் ஒரே விடை என்பது இல்லை.

கேஆர்புரம் அம்மா பிரமிடில் செய்து காட்டுகிறேன்.

```
         0
      1    -1
    1    0   -1
  0   1   -1   0
```

5, 7, 16, 60 இருந்த நாலு இடத்திலும் பூஜ்யம். ஆனாலும் பிரமிடு காலியாக இல்லை. இதை நான் நிழல் பிரமிடு என்பேன். ஒரு விடையின் மேல் இந்த நிழலைக் கட்டத்துக்குக் கட்டம் கூட்டினால் கொடுத்த எண்கள் அசையாது, மற்றவை மட்டும் நகரும், கூட்டல் விதியும் உடையாது. ஆகவே அடுத்த விடை தயார்.

இப்போது விடைக்குறிப்பிலிருந்து பையனுடைய விடையைக் கழித்துப் பாருங்கள். அடிவரிசையில் 0, 3, -3, 0. அடுத்தது 3, 0, -3. அதற்கு மேலே 3, -3. உச்சியில் 0. அதே நிழல், மூன்று மடங்கு. இருவரும் வேறு வேறு வழியில் தப்பு செய்ததால் வந்த வித்தியாசம் இல்லை, பிரமிடுக்குள்ளேயே இருக்கிற வித்தியாசம்.

ஜெயநகர் சார் பிரமிடுக்கு அடிவரிசை 0, 1, 0, -1, 0 என்று வையுங்கள். அடுத்தது 1, 1, -1, -1. அப்புறம் 2, 0, -2. அப்புறம் 2, -2. உச்சி 0. ஐந்து இடத்திலும் பூஜ்யம் விழுந்துவிட்டது பாருங்கள்.

தறி

இரண்டிலும் ஒரே கோலம் தெரிகிறதே. இடது பக்கம் எது வருகிறதோ அதன் எதிர்மறை வலது பக்கம். கண்ணாடிப் பிம்பம் மாதிரி. நடுச் செங்குத்தில் உள்ள கட்டமெல்லாம் தானாகவே பூஜ்யம்.

அல்சூர்_ஏரி

அதேதான் தறி. ஒர்க்‌ஷீட் தயாரிப்பவர்கள் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு மூலை, உச்சி, நடுக்கட்டம் என்று சமச்சீராக எண் கொடுக்கிறார்கள். அந்த அழகே காலை வாரிவிடுகிறது. இடதுக்கும் வலதுக்கும் ஒரே அளவு தகவல் கொடுத்தால், இடது கூடி வலது குறைவதைப் பிரமிடால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு எண்ணை நடுவிலிருந்து பக்கவாட்டுக்குத் தள்ளினால் போதும்.

அம்மா பிரமிடில் 16-ஐ எடுத்துவிட்டு, மூன்றாவது வரிசை இடது கட்டத்தில் 27 கொடுத்திருக்கலாம். உச்சியிலிருந்து b + c = 16. இடது கட்டத்திலிருந்து 5 + 2b + c = 27, அதாவது 2b + c = 22. இரண்டையும் கழித்தால் b = 6. c = 10. வேறு விடைக்கு இடமே இல்லை.

ஜெயநகர் சார் பிரமிடில் உச்சியை 79 ஆக்கி, 20-ஐ எடுத்துவிட்டு, இரண்டாவது வரிசை முதல் கட்டத்தில் 7 கொடுங்கள். 3 + b = 7, b = 4. உச்சியிலிருந்து b + d = 10, ஆக d = 6. சரிபார்க்க: 3, 4, 5, 6, 6. பிறகு 7, 9, 11, 12. பிறகு 16, 20, 23. பிறகு 36, 43. உச்சி 79.

ஜெயநகர்_அப்பா

உச்சியை 80 ஆகவே விட்டு, 20-க்குப் பதில் இந்த 7-ஐக் கொடுத்தால்?

அல்சூர்_ஏரி

விடை ஒன்றுதான் வரும், ஆனால் பின்னத்தில். 39 + 4(b + d) = 80, b + d = 41/4. b = 4 என்றால் d = 6.25. கணக்கு தப்பில்லை, ஏழாம் வகுப்புப் பிள்ளை தயங்கும், அவ்வளவுதான். முழு எண் வேண்டுமென்றால் உச்சியை முடிவு செய்யும் முன் வகுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வரிசையில் மூலைகள் 4, 9, உச்சி 30 என்றால் 2x = 17, x = 8.5. உச்சியிலிருந்து மூலைகளைக் கழித்து வருவது இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நாலு வரிசையில் அது 3-ஆல் வகுபட வேண்டும்.

இதற்கு எளிய வழி, பின்னாலிருந்து வருவது. அடிவரிசையை முதலில் நீங்களே எழுதி மேலே ஏறி முடித்துவிட்டு, அதன் பிறகு எண்களை அழியுங்கள். முழு எண் தொல்லையும் இல்லை, 79-க்கு 80 அச்சாவதும் இல்லை. ஆனால் எதை அழிப்பது என்பதற்கு நிழல் சோதனை கட்டாயம் வேண்டும். அம்மா ஒர்க்‌ஷீட்டைத் தயாரித்தவர் இப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். 5, 9, 7, 7 எழுதி, ஏறி, அழித்திருக்கிறார். தன் விடை சரியாக இருந்ததால் வேறு விடை இருக்குமா என்று பார்க்கத் தோன்றவில்லை.

பழைய_சிலேட்டு

இப்போது விளங்கிற்று. முதலில் அவசரப்பட்டுவிட்டேன். ஒன்று கேட்கிறேன். இதற்கு b, c எல்லாம் தேவையா? ஊகித்துப் போட்டுப் பார்த்தே பிள்ளைகள் நிரப்பிவிடுகிறார்களே. அந்தப் பையனும் அப்படித்தான் 6, 10 பிடித்திருப்பான்.

அல்சூர்_ஏரி

முதலில் கழித்தலாலேயே போகிற வரை போகலாம், ஐயா. ஒரு சின்ன முக்கோணத்தில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது கழித்தலிலோ கூட்டலிலோ வந்துவிடும், எழுத்தே வேண்டாம். அது நின்றுபோகிற இடத்தில்தான் x. அப்போதும் எந்தக் கட்டத்தில் x வைக்கிறோம் என்பதில் பாதி வேலை இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்த எண் இருக்கிற அடிக்கட்டமாகப் பார்த்து வைத்தால் ஒரே எழுத்தில் மேலே ஏறிவிடலாம்.

ஊகித்துப் போடுவதில் ஒரு குறை உண்டு. ஒரு விடை கிடைத்ததும் நின்றுவிடுவோம். இன்னொன்று இருக்கிறதா என்று ஊகம் சொல்லாது. b + c = 16 என்று எழுதிய பிள்ளைக்கு அங்கேயே தெரிந்துவிடும், இதற்கு மேல் போக வழியில்லை என்று.

பழைய_சிலேட்டு

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிப்பெண் விஷயத்தில், கேள்வி ஒரே விடை கேட்கிற மாதிரி இருந்தால் வகுப்பில் எல்லோரும் அந்த விடையைத்தான் போட்டிருப்பார்கள் என்று திருத்துபவர் நினைப்பது இயல்புதான். நாற்பது தாளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது சாத்தியமா?

விடுகதை

ஆறு கூட்டல்தான் ஐயா ஒரு தாளுக்கு. விடைக்குறிப்போடு ஒத்துப்பார்ப்பதை விட ஒரு நிமிடம் கூட ஆகாது. சரியான விடைக்குத் தப்பு போட்டால் அந்தப் பிள்ளை தன் கூட்டலையே சந்தேகிக்க ஆரம்பிக்கும்.

பழைய_சிலேட்டு

இந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுப்பதுதான் முறை என்பது என் கருத்து. காலியாக விட்ட பிள்ளையும் ஒருவேளை "விடை ஒன்றாக இல்லையே" என்று விட்டிருக்கலாம்.

கேஆர்புரம்_அம்மா

இரண்டு பிரமிடையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே 12 + 3(b + c) = 60 என்று ஒரு வரியும் சேர்த்து டைரியில் வைத்து அனுப்புகிறேன். குறை சொல்வது போல இல்லாமல் கேள்வியாகவே எழுதுகிறேன்.

அதே ஒர்க்‌ஷீட்டின் அடுத்த பிரமிடையும் சோதித்துப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்.

```
          50
        ?    ?
     11    ?   15
    ?    ?   8    ?
```

முதலில் நிழல் சோதனை. 11, 15, 8, 50 இருக்கும் இடத்தில் பூஜ்யம். 8-உம் 15-உம் பூஜ்யம் என்றால் கடைசிக் கட்டமும் பூஜ்யம். இரண்டாவது அடிக்கட்டம் x என்று வைத்தால் முதல் கட்டம் -x. நடுவில் x, அதற்கு மேலே x, x, உச்சி 2x. அது பூஜ்யம் என்றால் x பூஜ்யம். எல்லாமே பூஜ்யம், ஆக ஒரே விடை.

அசலுக்கும் அங்கேயே x வைத்தேன். நடு x + 8. மேலே x + 19, x + 23. உச்சி 2x + 42 = 50. x = 4. முதல் கட்டம் 7, கடைசி 7.

அல்சூர்_ஏரி

முழுக்கச் சரி. 7, 4, 8, 7. பிறகு 11, 12, 15. பிறகு 23, 27. உச்சி 50. கவனித்தீர்களா, இதிலும் 11, 15, 50 மூன்றும் சமச்சீர்தான். சமச்சீரை உடைத்தது 8 ஒன்றுதான், அது நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது.

தறி

கண்ணாடிக் கோலம் இல்லாமல், கோணல்மாணலாக எண் கொடுத்தும் நிழல் விழுகிற ஐந்து வரிசைப் பிரமிடு உண்டா? சின்ன முக்கோணமும் இருக்கக் கூடாது. 15 கட்டத்தில் 5 தேர்ந்தெடுக்க 3003 வழிதான், இன்றிரவு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

விடுகதை

ஓட்டிவிட்டுப் பட்டியலை இங்கேயே போடுங்கள். அதற்குள் நான் கையால் ஒன்றாவது தேடுகிறேன்.